மேசைக்கு அந்தப் பக்கம் அவன் மட்டும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கதை வந்து சேர்ந்தது. நேர்காணல் நடத்தும் அதிகாரி சங்கரன், எதிரே வந்து உட்காரும் முத்துராசு தன்னோடு பள்ளியில் படித்தவன் என்று கண்டுகொள்கிறான். நட்பா நேர்மையா என்று தவிக்கிறான். கடைசியில் நேர்மையைத் தேர்ந்தெடுக்கிறான். இதை உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இந்தக் கருவைத் தொடும் இளைஞர்களில் பெரும்பாலானோர் இடறும் இடத்தில்தான் நீங்களும் இடறியிருக்கிறீர்கள். அதனால் எல்லோரும் படிக்கும் கடிதமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சங்கரனுக்கு வியர்க்கிறது, தொண்டை வறள்கிறது, பழைய பள்ளிக்கூட வேப்பமரம் நினைவில் வந்து போகிறது. ‘எனக்கு எல்லோரும் ஒன்றுதான்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான். அவன் நியாயமாக நடந்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவன் நடந்ததை நான் பார்க்கவே இல்லை. நேர்காணல் அறையில் நியாயம் கண்ணுக்குத் தெரிகிற காரியங்களில் இருக்கிறது. என்ன கேள்வி கேட்டான், பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுத்தான், வந்தவர் தயங்கியபோது எடுத்துக் கொடுத்தானா, தாளில் என்ன எண் எழுதினான், அடுத்து வந்தவரிடமும் அப்படியே நடந்துகொண்டானா. இவற்றைக் காட்டினால் சங்கரனுக்கு வியர்த்ததா என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இடத்தை மாற்றுங்கள். நீங்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 நேர்காணல் என்று வைத்திருக்கிறீர்கள். அங்கே மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எதிரே வருபவருக்கோ வயது வரம்பு உண்டு, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கே 39தான். ஒரே வகுப்பில் படித்த இருவர் அந்த மேசையின் இரு பக்கமும் உட்கார்வது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. தேர்வு எழுதி வருகிற வாசகர்கள் நம் பத்திரிகைகளுக்கு ஏராளம். நேர்காணல் தொடங்கியதுமே அவர்கள் கதையை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

இதே கரு இயல்பாகப் பொருந்துகிற இடம் ஒன்று இருக்கிறது: தாலுகா அலுவலகம். 2022-இல் தமிழ்நாடு முழுவதும் 2,748 கிராம உதவியாளர் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். ஊரில் இன்னமும் தலையாரி வேலை என்றுதான் சொல்வார்கள். நியமனம் செய்பவர் வட்டாட்சியர். அப்போது கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார் என்றால் 37 வயது வரை விண்ணப்பிக்க முடிந்தது. டிசம்பர் 4 அன்று எழுத்துத் திறன் தேர்வு நடந்தது. அதோடு வாசிக்கத் தெரிகிறதா, சைக்கிள் ஓட்டத் தெரிகிறதா என்று பார்த்தார்கள், நேர்காணலும் வைத்தார்கள்.

இந்த விவரங்கள் உங்கள் கதைக்கு எவ்வளவு தோதாக இருக்கின்றன என்று பாருங்கள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் குரூப் 2 எழுதி வருவாய்த் துறைக்குள் வந்த ஒருவர் முப்பத்தாறு வயதில் துணை வட்டாட்சியராக இருக்கலாம். அதே முப்பத்தாறு வயதில் அவருடைய வகுப்புத் தோழர் தலையாரி வேலைக்கு மனுப் போட்டிருக்கலாம், வயது வரம்பு நெருங்கிவிட்டது என்பதால் அவசரத்தோடே போட்டிருக்கலாம். கேட்கப்பட்ட தகுதியோ ஐந்தாம் வகுப்பு. இருவரும் சேர்ந்து படித்தது அந்த ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் ஒருவன் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனான், இன்னொருவன் மிளகாய்க் காட்டுக்குப் போனான். ஒரே தகுதிச் சான்றிதழ் ஒருவனுக்கு அடித்தளம், மற்றவனுக்கு அதுவே முகடு. இதை நீங்கள் ஓரிடத்திலும் விளக்கக் கூடாது. மேசையில் கிடக்கும் சான்றிதழின் நகலில் பள்ளியின் பெயர் இருக்கட்டும், போதும். வட்டாட்சியர் நடுவில் இருக்கிறார், பக்கத்தில் சங்கரனும் மதிப்பெண் போடுகிறான் என்று கதையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம உதவியாளர் வேலையில் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு கிராமத்துக்கான பணியிடமும் இனச்சுழற்சிப்படி எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும். நம் ஊர்க் கதையில் ஒருவருக்கு வேலை கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காவிட்டால் வாசகர் மனதில் முதலில் எழும் கேள்வி சாதிதான். போட்டி போடுகிறவர்கள் ஒரே பிரிவு என்றால் அந்தக் கேள்வி பெருமளவு அடங்கிவிடும். சங்கரன் செய்தது என்ன என்பதை மட்டும் வாசகர் பார்ப்பார். ஆனால் சங்கரனும் முத்துராசுவும் ஒரே தெருவா, வேறு தெருவா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத வேண்டாம், தெரிந்திருந்தால் போதும். முத்துராசு நாற்காலியின் விளிம்பில் உட்கார்கிறானா, சாய்ந்து உட்கார்கிறானா என்பதை அது தீர்மானித்துவிடும்.

அடுத்தது, அடையாளம் கண்டுகொள்கிற தருணம். உங்கள் கதையில் கதவு திறக்கிறது, முகத்தைப் பார்த்ததும் சங்கரன் அதிர்கிறான். இது சினிமாவில் எடுபடும். அலுவலகத்தில் நடப்பது வேறு. விண்ணப்பங்களை முன்பே எழுத்தர் சரிபார்த்துப் பட்டியல் போட்டிருப்பார். அதிகாரிக்கு வருவது வரிசை எண், பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிரிவு. அந்த ஊர்ப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் முத்துராசு என்ற பெயருள்ள ஒருவர் மேல் விழும். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பார்த்த பத்து வயதுப் பையனின் முகம் வெயிலில் காய்ந்த முப்பத்தாறு வயது ஆளிடம் தேடினாலும் கிடைக்காது.

அவன் வாசிக்கும்போது அடையாளம் தெரியட்டும். வாசிப்புத் தேர்வுக்கு ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். முத்துராசு தாளை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் ஊன்றி, ஒரு சொல் முடிந்ததும் விரலை நகர்த்தி நகர்த்தி வாசிக்கிறான். நீளமான சொல் வந்தால் முதலில் உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிறகு உரக்கச் சொல்கிறான். நாலாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் அப்படித்தான் வாசிப்பான். அந்த உதட்டசைவைப் பார்த்த பிறகே சங்கரன் பட்டியலைப் புரட்டித் தந்தை பெயரைப் பார்க்கிறான்.

இப்படி வைப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சங்கரன் மதிப்பெண் போட வேண்டியது அந்த வாசிப்புக்குத்தான். எந்த வாசிப்பை அளக்க வேண்டுமோ அதிலேயே பழைய நினைவு கலந்துவிடுகிறது. பத்து வயதில் ஒரு வரியைக்கூட முழுதாகப் படிக்க முடியாமல் அடி வாங்கியவன், இப்போது தடுமாறித் தடுமாறியாவது ஒரு பத்தியை முடித்துவிட்டான். சங்கரனுக்கு மனம் நிறைகிறது. ‘பரவாயில்லையே, தேறிவிட்டானே’ என்று தோன்றுகிறது. நினைவு நீதியைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். அவன் முத்துராசுவின் வாசிப்புக்கு மதிப்பெண் போடவில்லை, முத்துராசு வந்து சேர்ந்த தூரத்துக்குப் போடுகிறான். மற்றவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவர்களும் எங்கிருந்தோதான் வந்திருப்பார்கள்.

சிபாரிசு, லஞ்சம், கண்ணால் சாடை காட்டுவது இவையெல்லாம் எழுதச் சுலபம், வாசகருக்கும் பழக்கம். நல்லவன் ஒருவன், நல்ல எண்ணத்தோடு, தனக்கே தெரியாமல் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவதை எழுதுவதுதான் கடினம். உங்களால் முடியும் என்பதற்குக் கதையில் ஒரு வரி சாட்சியாக இருக்கிறது: முத்துராசு சான்றிதழ்களை வைத்திருந்த பாலித்தீன் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது. அதைப் பார்த்த கண் இதையும் பார்க்கும்.

இப்போது, கதையில் இல்லவே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் இரண்டே பேர். வராந்தாவில் ‘பலர் காத்திருந்தனர்’ என்று ஒரு வரியோடு மற்றவர்களை முடித்துவிட்டீர்கள். இருக்கும் வேலை ஒன்று. முத்துராசுவுக்கு ஒரு மதிப்பெண் கூடினால் அது வேறொருவருக்குக் குறைகிறது. அந்த வேறொருவருக்கு முகம் இல்லாவிட்டால் சங்கரனின் தவிப்புக்கு எடை இல்லை, வெறும் இரக்கமாகவே நின்றுவிடும். அதே கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவாருங்கள். இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்தவள், கைக்குழந்தையை வராந்தாவில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு நீளமான பின்கதை எழுதாதீர்கள். சங்கரனுக்கு அவளைத் தெரியாது. அவனுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது.

இரண்டு நேர்காணல்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள், கேள்வி ஒன்றே இருக்கட்டும். முத்துராசுவிடம்:

“ஊர்ல ராத்திரி ஒரு குடிசை தீப்பிடிச்சிருச்சி. என்ன செய்யணும்?”

“தண்ணி ஊத்தி அணைப்போம்யா.”

சங்கரன் பேனாவை எடுக்கவில்லை. “சரி. அப்புறம்?”

முத்துராசு யோசித்தான்.

“யாருக்காவது தகவல் சொல்லணும்ல?”

“ஆமாய்யா. வி.ஏ.ஓ. ஐயாவுக்குப் போன் போட்டுச் சொல்வேன். தீயணைப்புக்கும் சொல்வேன்.”

“மறுநாள் தாலுகாவுக்கு என்ன போகணும்?”

“எவ்வளவு சேதம்னு எழுதிப் போகணும்யா.”

பிறகு இசக்கியம்மாளிடம் அதே கேள்வி. “பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு ஆளுங்களை முதல்ல வெளிய கொண்டு வருவேன் சார்” என்கிறாள். சங்கரன் ‘ம்’ என்று சொல்லி எண்ணை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறான்.

அவள் பதில் முத்துராசுவின் முதல் பதிலை விட மேலானது, தண்ணீருக்கு முன்னால் அவள் ஆட்களை நினைத்தாள். ஆனால் ‘அப்புறம்?’ என்ற சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. ‘யாருக்காவது தகவல் சொல்லணும்ல?’ என்ற கேள்வி கேள்வியே இல்லை, அதுதான் விடை. தாளில் பார்த்தால் முத்துராசு முழுமையாகப் பதில் சொன்னவன், அவள் பாதி சொன்னவள். இந்த இரண்டு உரையாடலையும் நீங்கள் எந்த விளக்கமும் இல்லாமல் அடுத்தடுத்து வைத்தால் வாசகர் தானே கணக்குப் போட்டுவிடுவார்.

கணக்கையும் நீங்கள் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கதையில் வராவிட்டாலும். வாசிப்புக்குப் பத்து, நேர்காணலுக்குப் பத்து என்று கதைக்காக வைத்துக்கொள்வோம். முத்துராசுவின் வாசிப்பு முன்பின் தெரியாதவர் கேட்டால் 6 பெறும், சங்கரன் 8 போடுகிறான். சரளமாக வாசித்த இசக்கியம்மாளுக்கும் 8. நேர்காணலில் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவனுக்கு 5 வந்திருக்கும், எடுத்துக் கொடுத்ததால் 7. அவளுக்கு 5. ஆக அவன் 15, அவள் 13. பழக்கமே இல்லாதவர் உட்கார்ந்திருந்தால் அவன் 11, அவள் 13. மற்ற தேர்வுகளில் இருவரும் ஏறத்தாழச் சமம் என்றால் வேலை கைமாறிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை, எழுதிய எண் எதையும் அடித்துத் திருத்தவில்லை.

எதிர்ப்பக்கத்து அநியாயத்தையும் நீங்கள் யோசித்திருக்க வேண்டும். தன்னை நேர்மையானவன் என்று நம்புகிறவன் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்வான். தெரிந்தவன் என்பதாலேயே முத்துராசுவிடம் மட்டும் ‘அ-பதிவேட்டுக்கும் அடங்கலுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டுவிடுவான். ஐந்தாம் வகுப்புத் தகுதி கேட்ட வேலைக்கு அந்தக் கேள்வி அதிகம். மற்ற யாரிடமும் அவன் அதைக் கேட்கவில்லை. வட்டாட்சியர் முன்னால் தன் கை சுத்தம் என்று காட்டிக்கொள்ள முத்துராசுவின் நான்கு மதிப்பெண்ணைச் செலவழிக்கிறான். உங்கள் பிரதியின் முடிவில் ‘நண்பன் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூட அதிகம் போடவில்லை’ என்று சங்கரன் பெருமையோடு எழுந்து போகிறான். குறைத்துப் போட்டானா என்று நீங்கள் அவனிடம் கேட்கவே இல்லையே. அந்தப் பெருமையை நீங்களும் அவனோடு சேர்ந்து பட்டதுதான் கதையின் பெரிய பலவீனம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

‘இவ்வளவு சிக்கல் எதற்கு, சங்கரன் எழுந்து வெளியே போய்விட்டால் தீர்ந்தது’ என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், கதைக்கு ஆகும்.

1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரைபக் வழக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். மாநிலத்தின் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலராக இருந்த நகீஷ்பந்த் அந்தக் குழுவில் உறுப்பினர். அவரே அந்தப் பணிக்கான பட்டியலிலும் ஒருவர். தன் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. ஆனால் தன்னோடு போட்டியில் இருந்தவர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். பட்டியலைத் தயாரிப்பதிலும் பங்கெடுத்தார். நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. தன் முறை வரும்போது மட்டும் எழுந்து போனால் போதாது, மற்றவர்களைக் குறைத்து மதிப்பிட்டாலும் தனக்கு லாபம்தானே என்பது அதில் அடங்கிய தர்க்கம்.

பிறகு 1985-இல் ஹரியானா தேர்வாணையம் தொடர்பான அசோக் குமார் யாதவ் வழக்கு வந்தது. நெருங்கிய உறவினர் நேர்காணலுக்கு வந்தால் தேர்வுக்குழு உறுப்பினர் குழுவிலிருந்தே விலகிவிடுவதுதான் முறை என்று நீதிமன்றம் சொன்னது. அரசியல் சட்டத்தின் கீழ் அமைந்த தேர்வாணையத்தில் உறுப்பினருக்குப் பதிலாக வெளியாளை உட்கார வைக்க முடியாது. அதனால் அங்கே மட்டும், அந்த ஒரு விண்ணப்பதாரர் வரும்போது விலகினால் போதும் என்றது. அதோடு இன்னொன்றும் சொன்னது. அந்த விண்ணப்பதாரரின் தகுதி பற்றிய பேச்சிலும் உறுப்பினர் கலந்துகொள்ளக் கூடாது, அவருக்குப் போட்ட மதிப்பெண் என்ன என்பதுகூட உறுப்பினருக்குத் தெரியக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சிறுகதை எழுதுகிறவனுக்கு அது கிடைத்தற்கரிய சரக்கு.

உறவினர் என்றால் இவ்வளவு. வகுப்புத் தோழன் என்றால்? இந்தத் தீர்ப்பு பேசுவது நெருங்கிய உறவைப் பற்றி. நாலாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அங்கே பெயர் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சங்கரனை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. சொல்லாமல் விட்டாலும் யாரும் குற்றம் சாட்டப் போவதில்லை. உங்கள் கதை உயிர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். தம்பி, அண்ணன் மகன் என்று நெருக்கத்தைக் கூட்டினால் கதை செத்துவிடும், சட்டம் வந்து முடிவெடுத்துவிடும்.

ஆகவே சங்கரன் சொல்லட்டும். முத்துராசு வாசித்து முடித்ததும் வட்டாட்சியர் பக்கம் சாய்ந்து, “சார், இவரு என்கூடப் படிச்சவரு” என்று தணிந்த குரலில் சொல்லட்டும். வட்டாட்சியர் என்ன சொல்வார்? அறுபது பேர் வெளியே நிற்கிறார்கள், மதியம் இரண்டு மணி, மாலை கலெக்டர் ஆபீஸில் மீட்டிங். “இந்தத் தாலுகாவுல யாருக்கு யாரைத் தெரியாது? உக்காருங்க” என்பார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தொண்ணூறு பங்கு இதைத்தான் சொல்வார். அதில் கெட்ட எண்ணமும் இருக்காது. அவருக்குச் சங்கரன் மேல் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் சங்கரனுக்குச் சுமை. சொல்லிவிட்டான், அனுமதியும் கிடைத்துவிட்டது, இனி அவன் போடும் எண்ணுக்கு அவன் மட்டுமே பொறுப்பு. ஒரு கதை இங்கிருந்து, மேலே சொன்ன இரு நேர்காணல்கள் வழியாகப் போகலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வட்டாட்சியர் சம்மதிக்கிறார். “சரி, இந்த ஒருத்தருக்கு நான் பார்த்துக்கறேன். நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.” சங்கரன் வெளியே வருகிறான். மனசு லேசாக இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைக்கிறான், வாசகரும் அப்படியே நினைக்கட்டும். வராந்தாவில் குழந்தையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், அவன் அவளைத் தாண்டிப் போகிறான். திரும்பி வந்து உட்காரும்போது வட்டாட்சியர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். மதிப்பெண் தாள் திறந்தபடியே மேசையில் கிடக்கிறது. முத்துராசுவின் பெயருக்கு நேரே வாசிப்புக்கு 6, நேர்காணலுக்கு 5. சங்கரன் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண் தானாகப் போய்விட்டது. அடுத்த பெயர் கூப்பிடுகிறார்கள். இசக்கியம்மாள் உள்ளே வருகிறாள். அவளுக்குச் சங்கரனும் மதிப்பெண் போட வேண்டும்.

1985-இல் நீதிபதிகள் ஏன் அந்த நிபந்தனையைப் போட்டார்கள் என்று இப்போது புரிகிறதா? முத்துராசுவை ஜெயிக்க வைக்க எத்தனை எண் போதும் என்பது சங்கரனுக்குத் தெரிந்துவிட்டது. முத்துராசுவுக்கு ஒரு மதிப்பெண்கூடப் போடாமல், விலகி நின்றவன் என்ற நல்ல பெயரும் கெடாமல், அந்த வேலையை அவனுக்குக் கொடுத்துவிடலாம். இந்த வழியில் மற்ற தேர்வுகளில் முத்துராசு மூன்று மதிப்பெண் முன்னால் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டால், இசக்கியம்மாளிடம் ‘அப்புறம்?’ என்று கேட்காமல் இருந்தால் போதும். அவன் செய்யப்போவது ஒன்றுமில்லை, ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவதுதான். உங்கள் சங்கரன் உண்மையில் சோதனைக்கு ஆளாவது முத்துராசு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அல்ல, அவன் போன பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது. நீங்கள் எழுதிய பிரதி அவன் வெளியே போவதோடு முடிந்துவிடுகிறது.

இந்த வழியில் போனால் முடிவை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ‘அவன் பேனாவை எடுத்தான்’ என்று நிறுத்திவிடாதீர்கள். தீர்மானிக்க முடியாத எழுத்தாளர் பதுங்குகிற இடம் அது. இசக்கியம்மாள் என்ன பதில் சொன்னாள், சங்கரன் அவளுக்காக எவ்வளவு பொறுத்தான், ‘அப்புறம்?’ கேட்டானா, என்ன எண் எழுதினான் எல்லாமே தாளில் இருக்க வேண்டும். அவன் கேட்டு, அவளுக்கு 7 போட்டால் அப்படியே எழுதுங்கள். கேட்காமல் 5 போட்டுவிட்டு, அதைத் தானே கவனிக்காமல் அடுத்த பெயருக்குப் போனால் அதையும் எழுதுங்கள். எண்ணை எழுதிவிட்ட பிறகு அது சரியா தப்பா என்று நீங்கள் ஒரு சொல்லும் பேச வேண்டாம். வேலை யாருக்குக் கிடைத்தது என்பதும் கதைக்குள் வர வேண்டாம். பட்டியல் ஒட்டப்படுகிற காட்சியை வைத்தால் வாசகர் தேர்வு முடிவைப் பார்க்கப் போய்விடுவார், சங்கரனை மறந்துவிடுவார்.

பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பிரதியில் முதல் நான்கு பக்கமும் அதுதான். முத்துராசு சங்கரனைக் கிணற்றிலிருந்து காப்பாற்றுகிறான். அதை எடுத்துவிடுங்கள். உயிர்க்கடன் பட்டவன் நடுநிலையாக இருப்பது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் கண்டுபிடிப்பதற்கு எதுவும் இல்லை. கடன் ஏதும் இல்லாதபோதும் மனம் சாய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வரிக்கு அடியில் ஊன்றிய விரல், உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது, இவ்வளவு நினைவு போதும். முத்துராசுவுக்குச் சங்கரனைத் தெரிந்ததா என்பதையும் சொல்லாதீர்கள். அவன் எல்லா அதிகாரிகளையும் போலவே சங்கரனையும் ‘ஐயா’ என்கிறான். தெரிந்துதான் அப்படிச் சொன்னானா என்று சங்கரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்திருந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்றால் அவன் சங்கரனை விடச் சுத்தமாக நடந்துகொண்டவன். அந்த எண்ணம் சங்கரனுக்கு ஒரு முறை வந்து போகட்டும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அவனிடம் சங்கரன் எப்படிப் பேசுகிறான் என்பதிலும் கவனமாக இருங்கள். எல்லோரையும் ‘நீங்க’ என்று அழைத்துவந்தவன், அடையாளம் தெரிந்த அடுத்த கேள்வியில் விளிப்பே இல்லாமல் பேசத் தொடங்குவான். ‘நீங்க’ என்று சொல்ல வாய் வராது, ‘நீ’ என்று சொல்ல முடியாது. ‘ஊர்ல தீப்பிடிச்சா என்ன செய்யணும்?’ என்று பொதுவாகக் கேட்பான். கூர்ந்து படிக்கிறவருக்கு அந்த ஒரு மாற்றமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வட்டாட்சியர் அதைக் கவனித்தாரா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் எழுதினால் அவரைக் கவனிக்க வைப்பேன், ஆனால் வாயைத் திறக்க விடமாட்டேன்.

எழுதுவதற்கு முன் ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போய் ஒரு முற்பகல் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருங்கள். இ-சேவை ரசீது வைத்திருப்பவர்கள், வாரிசுச் சான்றுக்கு வந்தவர்கள், கட்டிய பைலை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பவர்கள் யாராவது பக்கத்தில் இருப்பார்கள். எந்த வாசல் யாருக்குத் திறக்கிறது, உள்ளே போகும் ஒருவர் செருப்பை எங்கே விடுகிறார், அழைப்பவர் பெயரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். முடிந்தால் வேலையில் இருக்கிற கிராம உதவியாளர் ஒருவரிடம் பேசுங்கள். நேர்காணலில் தன்னிடம் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொல் மாறாமல் நினைவில் வைத்திருப்பார்கள். கேட்டவர்களுக்கு அது நினைவில் இருக்காது.

திருத்திய பிரதியை இசக்கியம்மாள் பேசுகிற பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். அவள் பதில் என்ன என்று முதலில் முடிவாகட்டும், மற்றதை அதற்குப் பின் கட்டுங்கள். பொங்கலுக்குள் அனுப்பினால் மாசி இதழுக்குப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்